அக்கா கத்துகிறாள், நான் மெதுவாகப் பேசுகிறேன், அவள் இன்னும் கத்துகிறாள்

நடுப்பிள்ளை

நாங்கள் மூன்று பேர். அக்கா, நான், தம்பி. எட்டு மாதங்களுக்கு முன்பு அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சை முடிந்து இப்போது வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடக்கிறார். இருப்பது அக்கா வீட்டில். நானும் தம்பியும் வெளியூர். பணம் அனுப்புகிறோம், வாரம் ஒருமுறை வீடியோ அழைப்பில் பேசுகிறோம்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி போகிறபோக்கில், "அம்மாவை ஒரு மாதம் நான் அழைத்துக்கொண்டு போகிறேனே" என்றான். அக்கா வெடித்துவிட்டாள். "இத்தனை நாள் எங்கே போயிருந்தாய்? அம்மாவை எப்படித் திருப்பிப் படுக்க வைப்பது என்றாவது உனக்குத் தெரியுமா?" தம்பியும் குரலை உயர்த்தினான். நடுவில் நான்.

சண்டையில் குரலைத் தாழ்த்தி மெதுவாகப் பேசினால் எதிரில் இருப்பவர் தானாகத் தணிவார் என்று படித்திருந்தேன். அதன்படியே ஒவ்வொரு சொல்லாக, மிக மெதுவாகச் சொன்னேன்: "அக்கா, கோபப்படாதே. நிதானமாகப் பேசுவோம். யார் எத்தனை மாதம் பார்த்துக்கொள்வது என்று நான் ஓர் அட்டவணை போட்டு வைத்திருக்கிறேன்."

"அட்டவணையா? நான் என்ன உன் அலுவலகத்தில் வேலை பார்க்கிறேனா?" என்று கேட்டுவிட்டு அழைப்பைத் துண்டித்துவிட்டாள். மூன்று நாட்களாகப் பேச்சில்லை.

அட்டவணை நியாயமாகத்தான் இருந்தது. அதில் அவளுக்குத்தான் ஓய்வு அதிகம். நான் எங்கே தவறினேன்? வரும் ஞாயிறு மறுபடி பேச வேண்டும்.

---

திண்ணைவாசி

நீங்கள் வாயைத் திறந்ததுதான் தவறு, தம்பி. குக்கரில் ஆவி ஏறியிருக்கும்போது மூடியில் கை வைக்கலாமா? முழுவதையும் கொட்டித் தீர்க்க விடுங்கள். கத்தட்டும், திட்டட்டும். தலையணை கிடைத்தால் அதையும் நாலு குத்து குத்தட்டும். உள்ளே இருப்பது வெளியே வந்துவிட்டால் தானாக அடங்கும். நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில் நான் கண்டது இதுதான். நான் பேசாமல் உட்கார்ந்திருப்பேன், அரை மணி நேரத்தில் அடங்கிவிடும்.

---

அலைவரிசை

தொலைபேசி வழியாக மன உதவி தரும் மையம் ஒன்றில் பதினோரு ஆண்டுகள் இரவுப் பணி பார்த்தேன். கத்துகிறவர்களோடு பேசுவதுதான் வேலை. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

நடுப்பிள்ளை, உங்கள் குரலில் பெரிய குறை இல்லை. வரிசையில்தான் குறை. மூன்று வாக்கியங்கள் சொன்னீர்கள். "கோபப்படாதே" என்பது கட்டளை. "நிதானமாகப் பேசுவோம்" என்பது, நீ நிதானமாக இல்லை என்ற குற்றச்சாட்டு. மூன்றாவது தீர்வு. அக்கா எட்டு மாதமாகச் சுமந்துகொண்டிருப்பதைப் பற்றி மூன்றிலும் ஒரு சொல்கூட இல்லை. அட்டவணை நியாயமானது என்கிறீர்கள். இருக்கலாம். ஆனால் அவர் காதில் அது எப்படி விழுந்திருக்கும்? "உன் கஷ்டம் ஒரு கணக்கு, நான் கணக்கைத் தீர்த்துவிட்டேன், எடுத்துக்கொள்" என்று. அதனால்தான் அலுவலகம் என்ற சொல் அவர் வாயில் வந்திருக்கிறது. கோபத்தில் வரும் சொற்களை நன்றாகக் கவனியுங்கள். எங்கே வலிக்கிறது என்பதைப் பல நேரம் அவையே காட்டிக்கொடுத்துவிடும்.

பிணைக் கைதிகளை மீட்கப் பேச்சு நடத்துகிறவர்களுக்கு அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஒரு படிக்கட்டைக் கற்றுத்தருகிறது. முதல் படி காது கொடுத்துக் கேட்பது, அடுத்தது அவர் நிலையை உணர்வது, மூன்றாவது நம்பிக்கை. நம் யோசனையை ஏற்கவைக்கும் முயற்சி நான்காவது படியில்தான் தொடங்குகிறது. துப்பாக்கி வைத்திருப்பவனிடமே அந்த வரிசை. நீங்கள் சொந்த அக்காவிடம் நேராக நான்காம் படிக்குத் தாவிவிட்டீர்கள்.

திண்ணைவாசி ஐயா சொன்னதில் பாதி சரி. குறுக்கிடாமல் கேட்பது மிகப் பெரிய விஷயம். ஆனால் கொட்டினால் கோபம் தீர்ந்துவிடும் என்பது சரியில்லை. பிராட் புஷ்மன் என்ற உளவியலாளர் 2002இல் வெளியிட்ட சோதனையில், கோபமூட்டப்பட்ட மாணவர்களில் ஒரு பிரிவினர் கோபமூட்டியவரை நினைத்துக்கொண்டே குத்துப்பையைக் குத்தினார்கள். இன்னொரு பிரிவினர் இரண்டு நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். குத்தியவர்களுக்குத்தான் கோபம் கூடுதலாக இருந்தது. உங்கள் வீட்டில் அரை மணியில் அடங்கியதற்குக் காரணம் கொட்டியது அல்ல என்று நினைக்கிறேன். எண்ணெய் ஊற்ற ஆள் இல்லாததால் அணைந்திருக்கிறது. கொட்டியது அப்படியே தரையில் கிடக்கும். கேட்டவர் அதைக் குனிந்து எடுத்து, "இதுதானே?" என்று திருப்பிக் காட்டும்போதுதான் பேசியவருக்கு நிம்மதி.

---

மழைக்குருவி

என் கதை வேறு. என் கணவர் கோபமே படமாட்டார். நான் கொதித்துக்கொண்டு பேசும்போது அவர் ஆழமாக மூச்சு இழுத்து, புன்னகை செய்து, ஒரு குழந்தையிடம் பேசுவதுபோல், "சரிம்மா… இப்போது… என்ன… பிரச்சினை…" என்பார். அந்தக் குரலைக் கேட்டாலே எனக்குக் கையில் கிடைத்ததை வீசத் தோன்றும். ஏதோ பயிற்சி வகுப்பில் கற்றுக்கொண்டு வந்ததிலிருந்து இப்படி. பழையபடி அவரும் கத்தியிருந்தால்கூட, மனிதர் என் பக்கத்தில் இருக்கிறார் என்றாவது தெரிந்திருக்கும். இந்த மெதுவான பேச்சை யார் கண்டுபிடித்தார்களோ!

நடுப்பிள்ளையின் அக்கா நிலைமை எனக்கு நன்றாகப் புரிகிறது.

---

அலைவரிசை

மழைக்குருவி, எங்களுக்குப் பயிற்சியில் கடைசி வரை திருத்திக்கொண்டே இருந்த தவறு இதுதான். நன்றாகச் சொன்னீர்கள்.

ஒருவர் பத்தாம் படியில் நின்று பேசும்போது நாம் இரண்டாம் படியில் உட்கார்ந்து பேசினால், "உனக்கு இது ஒரு பொருட்டே இல்லை" என்றுதான் கேட்கும். அமைதி அலட்சியமாகத் தெரியும். நான் செய்தது இப்படி: முதல் வாக்கியத்தை அவருடைய வேகத்துக்கு ஒரு படி மட்டும் கீழே வைப்பேன். "எட்டு மாதம்! எட்டு மாதமாகத் தனியாகவா!" என்று கொஞ்சம் அழுத்தத்தோடே சொல்லலாம், தவறில்லை. அந்த அழுத்தம் அவரை எதிர்த்து இருக்கக்கூடாது, அவர் பக்கம் நின்று வர வேண்டும். அடுத்த வாக்கியம் இன்னும் ஒரு படி கீழே. பேசுகிற இருவர் தெரியாமலேயே ஒருவர் வேகத்தை ஒருவர் பிடித்துக்கொள்வார்கள். சண்டை ஏறுவதும் இதனால்தான், இறங்குவதும் இதனால்தான். கை எட்டும் தூரத்தில் இருந்தால்தான் அவரும் பிடித்துக்கொண்டு இறங்க முடியும்.

மெதுவாகப் பேசுவது என்றால் சொற்களை இழுப்பது அல்ல. சொற்களைச் சாதாரண வேகத்திலேயே சொல்லிவிட்டு, வாக்கியம் முடிந்ததும் நிறுத்த வேண்டும். ஒரு முழு மூச்சு நேரம். நடுப்பிள்ளை "ஒவ்வொரு சொல்லாக" என்று எழுதியிருந்தார். அதை அடுத்த முறை விட்டுவிடுங்கள். வாக்கியங்கள் சிறியதாக இருக்கட்டும், இடைவெளி பெரியதாக இருக்கட்டும்.

புன்னகையும் வேண்டாம். கொதிப்பவர் எதிரில் புன்னகை கேலியாகத்தான் தெரியும்.

---

பழைய வாத்தியார்

குரலைத் தாழ்த்தச் சொல்கிறீர்கள். எனக்கு வயது எழுபத்து நான்கு, வலது காது மந்தம். என் மகள் சண்டையின் நடுவில் திடீரென்று முணுமுணுக்கத் தொடங்கிவிடுவாள். எனக்கு ஒன்றும் கேட்காது. "என்ன?" என்பேன். "ஒன்றுமில்லை" என்பாள். அதிலிருந்து அடுத்த சண்டை. வயதானவர்கள் வீட்டில் இந்த யோசனை செல்லாது என்று எழுதிவிடுங்கள்.

---

அலைவரிசை

ஐயா, நல்லவேளையாகக் கேட்டீர்கள். தாழ்ந்த குரல் என்று சொல்லும்போது இரண்டு விஷயங்கள் கலந்துவிடுகின்றன. ஒன்று ஒலியின் அளவு, மற்றது சுருதி. கோபத்தில் தொண்டை இறுகிக் குரல் கீச்சென்று மேலே ஏறும். இறக்க வேண்டியது முதலில் அதைத்தான். ஒலி, எதிரில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்கும் அளவில் இருக்கவேண்டும். கிசுகிசுப்பது தாழ்ந்த குரல் ஆகாது, அது ஏதோ மறைப்பதுபோல் சந்தேகத்தைத்தான் கிளப்பும்.

சொல்லப்போனால் வயதில் வரும் காது மந்தத்தில் முதலில் தேய்வது கீச்சு ஒலிகள். ஆகவே கத்துகிற கீச்சுக்குரலைவிட, அடித்தொண்டையிலிருந்து வரும் தெளிவான குரல் பல முதியவர்களுக்கு நன்றாகவே கேட்கும். உங்கள் மகளை எதிரில், முகம் தெரிய உட்கார்ந்து பேசச் சொல்லுங்கள்.

---

பழைய வாத்தியார்

அவளிடம் இதை எப்படிச் சொல்வது என்பதுதான் பிரச்சினை. சொன்னால் "உங்களுக்குக் காது கேட்காததற்கும் நானா காரணம்" என்பாள். பார்க்கிறேன்.

---

எதிர்க்காற்று

ஒரு கேள்வி. எப்போதும் ஏன் ஒருவரே தணிய வேண்டும்? எங்கள் வீட்டில் அது நான். இருபது வருடமாக நான்தான் மூச்சை எண்ணுகிறேன், நான்தான் "உன் வருத்தம் புரிகிறது" என்கிறேன். என் வருத்தத்தை யாரும் இதுவரை கேட்டதில்லை. நன்றாகக் கத்துகிறவருக்குத்தான் நல்ல கவனிப்பு.

இன்னொன்று. என் தோழி ஒருத்தி இதைத்தான் செய்தாள், கை நீட்டுகிற கணவனிடம். குரலைத் தாழ்த்தினாள், அவன் உணர்வை ஒப்புக்கொண்டாள். அவன் அதை அனுமதியாக எடுத்துக்கொண்டான்.

---

அலைவரிசை

இரண்டாவதை முதலில் சொல்கிறேன். அடி, மிரட்டல், பொருளை உடைத்தல், வழியை மறித்தல் இருக்கும் இடத்தில் இந்த இழையில் உள்ள எதுவும் பொருந்தாது. அங்கே அமைதியான குரலுக்கு ஒரே பயன் கதவு வரை போய்ச் சேர்வது. வெளியேறி உதவி தேட வேண்டும். குடித்திருப்பவரிடமும் பேச்சை மறுநாளுக்குத் தள்ளுங்கள்.

முதல் கேள்விக்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. நான் இதைச் சம்பளத்துக்குச் செய்தேன், எட்டு மணி நேரம் முடிந்ததும் அடுத்தவர் வந்து உட்காருவார். வீட்டில் அந்த வசதி கிடையாது. தணிந்த பிறகு உங்கள் முறை வர வேண்டும் என்பதையாவது சண்டை இல்லாத ஒரு நாளில் பேசி வைத்துக்கொள்ளலாம். கார்ல் ரோஜர்ஸ் என்ற உளவியலாளர் 1950களின் தொடக்கத்தில் ஒரு விதியைச் சொன்னார்: முந்தையவர் சொன்ன கருத்தையும் உணர்வையும், அவரே "ஆமாம், அதுதான்" என்று ஒப்புக்கொள்ளும்படி திருப்பிச் சொன்ன பிறகுதான் அடுத்தவர் தன் பக்கத்தைப் பேசலாம். அது இரு பக்கத்துக்கும் பொதுவான விதி. ஒருவருக்கு மட்டும் என்றால் அது விதியே இல்லை.

---

எதிர்க்காற்று

சண்டை இல்லாத நாளில் இதைப் பேச்செடுத்தால் அன்று சண்டை வரும். சரி, விடுங்கள். அக்கா கதைக்குப் போங்கள்.

---

நடுப்பிள்ளை

எல்லாவற்றையும் படித்தேன். இப்போது சங்கடமாக இருக்கிறது. அந்த அட்டவணையில் நான் நிறம் வேறு பூசியிருந்தேன், அக்காவுக்குப் பச்சை.

ஞாயிறன்று சொல்வதற்கு ஒன்று எழுதிப் பார்த்தேன். திருத்தித் தாருங்கள்:

"அக்கா, நீ மிகவும் களைத்துப்போயிருக்கிறாய் என்பது எங்களுக்குப் புரிகிறது. நீ செய்வது பெரிய தியாகம். ஆனால் தம்பியும் உதவ நினைத்துத்தான் சொன்னான். எனவே அடுத்து என்ன செய்யலாம் என்று பார்ப்போமா?"

இன்னொரு சந்தேகம். அவள் கத்தத் தொடங்கினால் எனக்கு நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. அந்த நிலையில் சுருதி, படிக்கட்டு எல்லாம் எங்கே நினைவுக்கு வரும்?

---

அலைவரிசை

சந்தேகத்துக்கு முதலில். தம்பதிகளின் சண்டையை ஆய்வகத்தில் வைத்துப் பல ஆண்டுகள் பார்த்தவர் ஜான் காட்மன். நாடித்துடிப்பு நிமிடத்துக்கு 100ஐத் தாண்டிவிட்டால் எதிரில் இருப்பவர் சொல்வது காதில் சரியாக ஏறாது என்கிறார் அவர். அந்த நிலையில் எந்த நுட்பமும் கைகொடுக்காது, அதற்கு இடைவேளைதான் மருந்து. குறைந்தது இருபது நிமிடம், ஏனென்றால் உடம்பு பழைய நிலைக்கு வர அவ்வளவு நேரம் பிடிக்கிறது. அந்த இருபது நிமிடமும் "எப்படிச் சொல்லிவிட்டாள் பார்" என்று மனத்துக்குள் வழக்காடிக்கொண்டிருந்தால் துடிப்பு இறங்காது. செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், எதையாவது படியுங்கள்.

மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். 15 விநாடியில் 25ஐத் தாண்டினால், அதாவது நிமிடத்துக்கு 100ஐத் தாண்டினால், வாய் திறக்காதீர்கள். இதயத்துக்கு மருந்து எடுப்பவர்களுக்கு இந்தக் கணக்கு பொருந்தாமல் போகலாம், அவர்கள் படபடப்பையும் வியர்வையையும் பார்த்துக்கொள்ளட்டும். அழைப்புக்கு முன் ஐந்து நிமிடம், நான்கு எண்ணும் நேரம் மூச்சை இழுத்து ஆறு எண்ணும் நேரம் விடுங்கள். விடும் மூச்சு நீளமாக இருக்க வேண்டும், அதுதான் துடிப்பை இறக்கும். வீடியோ அழைப்பில் நீங்கள் ஒலியை அணைத்துவிட்டே இதைச் செய்யலாம்.

இடைவேளை கேட்கும்போது திரும்பி வரும் நேரத்தையும் சொல்ல வேண்டும். "எனக்குப் படபடப்பாக இருக்கிறது, அரை மணியில் நானே கூப்பிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே கூப்பிட வேண்டும். நேரம் சொல்லாமல் எழுந்து போனால் கதவைச் சாத்துவதும் அதுவும் ஒன்றுதான்.

இப்போது நீங்கள் எழுதியது.

"எங்களுக்குப் புரிகிறது" என்பதை எடுத்துவிடுங்கள். எட்டு மாதம் அங்கே இல்லாதவர் புரிகிறது என்றால், "என்ன புரிந்தது, சொல்" என்றுதான் கேட்கத் தோன்றும். புரிந்ததைக் காட்ட வேண்டும், அதற்கு விவரம் வேண்டும். இரவில் அக்கா எத்தனை முறை எழுந்திருக்கிறார்? உங்களுக்குத் தெரியுமா?

"தியாகம்" வேண்டாம். சுமப்பவரைப் புகழ்வது சில நேரம் சுமையைத் திரும்ப அவர் தலையிலேயே வைப்பதாக ஆகிவிடும். தியாகி இறக்கி வைக்க முடியாதே.

"ஆனால்" வந்ததும் அதற்கு முன் சொன்னது எல்லாம் அழிந்துவிடும். தம்பிக்கான வக்காலத்தைத் தம்பியே இன்னொரு நாள் செய்துகொள்ளட்டும்.

"அடுத்து என்ன செய்யலாம்" என்பதை நீங்கள் கேட்கவே கேட்காதீர்கள். அவர் கேட்பார். கோபம் இறங்கியதற்கு நான் நம்புகிற அடையாளம் அதுதான். அதற்கு முன்னாலும் சில தெரியும். "எப்போதும்", "ஒருபோதும்", "எல்லோரும்" போன்ற சொற்கள் குறையும். ஒரு பெருமூச்சு வரும். பொதுவாகப் பேசியவர் ஒரு குறிப்பிட்ட நாளைப் பற்றிப் பேசுவார். அதுவரை தீர்வைச் சட்டைப் பையிலேயே வைத்திருங்கள்.

மொத்தத்தில் மூன்றே வாக்கியம் போதும் என்பேன். நடந்தது ஒன்று, அவருக்கு அது எப்படி இருந்திருக்கும் என்ற உங்கள் ஊகம் ஒன்று, "நான் சொல்வது சரியா?" என்ற கேள்வி ஒன்று. பிறகு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். வீடியோ அழைப்பில் குரல் சற்றுத் தாமதமாக வரும், நேரில் இருப்பதைவிட இரண்டு விநாடி கூடுதலாகவே காத்திருங்கள், இல்லாவிட்டால் இருவர் பேச்சும் மோதும்.

---

திண்ணைவாசி

தப்பாக ஊகித்துவிட்டால்? "உனக்கு வருத்தம்தானே" என்று கேட்டு, "வருத்தமாவது மண்ணாவது" என்று பதில் வந்தால் யார் தாங்குவது?

---

அலைவரிசை

தப்பாக ஊகித்தால் நல்லது ஐயா. திருத்துவார்கள். திருத்துவதற்காகவாவது தனக்குள் என்ன இருக்கிறது என்று ஒரு கணம் பார்ப்பார்கள். உணர்வுக்குப் பெயர் வைக்கும்போதே அதன் வேகம் கொஞ்சம் குறைகிறது, அந்தப் பெயரை அவர்களே வைத்தால் இன்னும் நல்லது. "நீ பொறாமையில் பேசுகிறாய்" என்று தீர்ப்புபோல் சொன்னால்தான் ஆபத்து.

---

நடுப்பிள்ளை (திங்கள் காலை)

நேற்று பேசினோம். நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை அம்மாவிடம் தனியாகப் பேசி, இரவு நிலவரம் கேட்டேன். அக்கா இரவில் மூன்று முறை எழுந்து அம்மாவைக் குளியலறைக்கு அழைத்துப் போகிறாள். எட்டு மாதத்தில் ஒரு இரவும் முழுதாகத் தூங்கியதில்லை. இது எனக்குத் தெரியாது. நான் கேட்டதும் இல்லை.

ஞாயிறு அழைப்பு தொடங்கி இரண்டு நிமிடத்தில் அக்கா, "என்ன, இந்த வாரம் என்ன அட்டவணை?" என்றாள். குரல் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. எண்ணிப் பார்த்தேன், 15 விநாடியில் 24. விளிம்பில் இருந்தேன். ஒரு மூச்சு விட்டுவிட்டுச் சொன்னேன்: "அட்டவணை போட்டது என் தப்பு அக்கா. இரவில் மூன்று முறை எழுந்திருக்கிறாய், எட்டு மாதமாக. நாங்கள் பணத்தை அனுப்பிவிட்டுத் தூங்கினோம். உனக்கு உடம்பு ஓய்ந்துபோயிருக்கும். நான் சொல்வது சரியா?"

அவள் பேசவில்லை. அந்த மௌனம் எவ்வளவு நீளம் என்று சொல்லத் தெரியவில்லை. நான் ஏதாவது சொல்லிவிடக்கூடாது என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் தம்பி, "ஆனால் அக்கா, நான் அதற்காகத்தானே அழைத்துக்கொண்டு போகிறேன் என்றேன்" என்று குறுக்கே வந்தான்.

அவ்வளவுதான். மறுபடி முதலிலிருந்து. இந்த முறை எனக்கும் கோபம் வந்து தம்பியை அதட்டிவிட்டேன். துடிப்பை எண்ணவில்லை, எண்ணினால் எவ்வளவு வந்திருக்கும் என்று தெரியும். "எனக்குப் படபடப்பாக இருக்கிறது, ஏழரைக்கு நான் கூப்பிடுகிறேன்" என்று சொல்லி நிறுத்தினேன். இடைவேளையில் தம்பியைத் தனியாக அழைத்து, நீ பத்து நிமிடம் ஒலியை அணைத்து வை, வேறொன்றும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். முறைத்தான், ஒப்புக்கொண்டான்.

ஏழரைக்குக் கூப்பிட்டேன். "விட்ட இடத்திலிருந்து சொல் அக்கா. உடம்பு ஓய்ந்துபோனது என்றேன், அது சரியா?" என்றேன்.

"இல்லை" என்றாள். "தூக்கமில்லாமல் பழகிவிட்டது. அது இல்லை."

பிறகு மெதுவாக வந்தது. தம்பி வாரம் ஒருமுறை பத்து நிமிடம் பேசுவான். பேசி முடித்ததும் அம்மா அன்று முழுவதும் "என் பிள்ளை எவ்வளவு அக்கறையாக விசாரித்தான்" என்று வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாராம். இவள் அதே நேரத்தில் படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருப்பாளாம். "எனக்கு அம்மா ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதற்குள் அவன் வந்து ஒரு மாதம் அழைத்துப் போகிறேன் என்கிறான். ஒரு மாதம் வைத்திருந்துவிட்டு அவன்தான் பார்த்துக்கொண்டான் என்று பெயர் வாங்கிவிடுவான்."

களைப்பு என்று நினைத்து நான் போட்ட அட்டவணை முழுவதும் வேறு எதற்கோ விடை. "அம்மாவுக்கு நீ செய்வது கண்ணில் படவில்லை என்றுதான் வலிக்கிறதா?" என்று கேட்டேன். அழுதாள். நான் சும்மா இருந்தேன். தம்பியின் ஒலி அணைந்தே இருந்தது, திரையில் தலையைக் குனிந்திருந்தான்.

கொஞ்ச நேரம் கழித்து மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, இப்போது என்ன செய்வது? இரவுக்கு ஆள் வைக்கலாமா?" என்று அவளே கேட்டாள்.

இரவுக்கு ஒருவரை வைத்துப் பார்ப்பது என்று முடிவு. அம்மாவைத் தம்பி அழைத்துப் போவது பற்றி எதுவும் முடிவாகவில்லை. அக்காவுக்கு இன்னும் அதில் இஷ்டமில்லை. தம்பிக்கு மனத்தாங்கல், என்னிடம் சரியாகப் பேசவில்லை.

---

மழைக்குருவி

அழுதுவிட்டேன். என் கணவருக்கு இந்த இழையை அனுப்பினேன். "சரிம்மா… படிக்கிறேன்…" என்று அதே குரலில் பதில் வந்திருக்கிறது.

---

எதிர்க்காற்று

அக்கா தரப்பு கேட்டாயிற்று, நல்லது. தம்பியின் தரப்பை யார் கேட்டது? பத்து நிமிடம் அவனை வாயடைத்து வைத்தீர்கள். நீங்கள் எழுதியதிலேயே அவன் பேசியது ஒரே ஒரு வாக்கியம், அதுவும் "ஆனால்" என்று தொடங்கியதற்காகக் குற்றமாகிவிட்டது.

---

அலைவரிசை

எதிர்க்காற்று சொல்வது நியாயம். நடுப்பிள்ளை, தம்பிக்கு ஒரு தனி அழைப்பு பாக்கி இருக்கிறது. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், அக்காவை மட்டும் பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். மூன்று பேர் இருக்கும் அழைப்பில் இரண்டு பேரின் கொதிப்பை ஒரே நேரத்தில் இறக்க என்னால்கூட முடிந்ததில்லை. நாங்கள் எப்போதும் ஒரு குரலோடுதான் பேசுவோம். ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள்.

அம்மா அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டுமா, அதை நீங்கள் அம்மாவிடம் எடுத்துச் சொல்லலாமா என்பது எனக்குத் தெளிவாகத் தெரியவில்லை. கேட்டு வாங்கிய பாராட்டு அக்காவுக்கு இனிக்குமா என்ற சந்தேகம் இருக்கிறது.

---

திண்ணைவாசி

அம்மாவிடம் சொல்லுங்கள். கேட்டு வாங்கினாலும் பாராட்டு பாராட்டுதான். என் மனைவியிடம் நேற்று இரவு, "அரை மணி நேரம் நான் சும்மா உட்கார்ந்திருப்பேனே, அது உனக்கு எப்படி இருக்கும்?" என்று கேட்டேன். நாற்பது வருடத்தில் முதல்முறை.

சுவரிடம் பேசுவதுபோல் இருக்கும் என்றாள்.

---

நடுப்பிள்ளை

தம்பியை இன்று மாலை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. "ஒன்பது மணிக்குப் பேசலாம்" என்று செய்தி அனுப்பியிருக்கிறான். நேரம் சொல்லியிருக்கிறான் பாருங்கள்.

அட்டவணையை அழித்துவிட்டேன்.